பதின்மூன்று இலக்கத்தைக் காதால் படிப்பது

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் பேச்சு தமிழ், அலுவலகக் காகிதம் மலையாளம், கணினித் திரை பெரும்பாலும் ஆங்கிலம். இந்த மூன்றுக்கும் பொதுவாக இருப்பவை எண்கள் மட்டுமே. பார்வையில்லாத நான் மடிக்கணினியில் என்விடிஏ திரை வாசிப்பானையும் கைபேசியில் டாக்பேக்கையும் பயன்படுத்துகிறேன். தெருவில் உள்ள சில வீடுகளுக்கு மின் கட்டணத்தை இணையத்தில் கட்டித் தருவதும் என் வழக்கம். அந்த வேலையில் கடினமான பகுதி பணம் கட்டுவது அன்று. நுகர்வோர் எண்ணைப் பிழையின்றிக் கேட்டு, பிழையின்றிச் சரிபார்ப்பதுதான்.

கேரள மின் வாரியத்தின் நுகர்வோர் எண் 13 இலக்கம் கொண்டது. விளக்கத்துக்காக 1155900004127 என்று ஓர் எண்ணை நானே புனைந்துகொள்கிறேன். கண்ணால் பார்ப்பவருக்கு இது ஒரு வரி. விரல் வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் படித்துவிடலாம். காதால் கேட்பவருக்கு, எழுத்தை ஒலியாக்கும் பேச்சுப் பொறி இதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. இதை ஓர் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளும் தமிழ்க் குரல், 'ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு கோடியே நான்காயிரத்து நூற்று இருபத்தேழு' என்று சொல்லக்கூடும். கணக்குப்படி அது முற்றிலும் சரி. ஆனால் நடுவில் இருந்த நான்கு பூஜ்ஜியங்களும் அந்த வாக்கியத்தில் எங்குமே ஒலிக்கவில்லை. அதே எண்ணை ஆங்கிலக் குரல் டிரில்லியன், பில்லியன் என்று அடுக்கினால், கேட்பவர் முதலில் அதைக் கோடியாக மாற்றி, பிறகு இலக்கமாக உடைத்து, அதன் பிறகுதான் தட்டச்சு செய்ய முடியும்.

எல்லாப் பொறிகளும் இப்படிச் செய்வதில்லை. சில பொறிகள் எண் ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டினால் இலக்கம் இலக்கமாகப் படிக்கத் தொடங்கிவிடும். சில, எண் பூஜ்ஜியத்தில் தொடங்கினால் மட்டும் அப்படிப் படிக்கும். இந்த முடிவை எடுப்பது பெரும்பாலும் திரை வாசிப்பான் அன்று, அதன் பின்னால் இருக்கும் பேச்சுப் பொறிதான். இதை ஒருவர் தெரிந்துகொள்ளாவிட்டால் சோதனையே தவறாகப் போய்விடும். என்விடிஏவில் `Speech viewer` என்றொரு சாளரம் உண்டு. பேச்சுக்கு அனுப்பப்படும் வாசகத்தை அது எழுத்தில் காட்டும். பார்வையுள்ள நிரல் எழுதுவோர் அதைத் திறந்துவைத்து, அங்கே 1155900004127 என்று தெரிந்தால் 'சரியாகத்தான் படிக்கிறது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தச் சாளரம் காட்டுவது பொறிக்குள் நுழையும் முன் உள்ள வாசகத்தை. பொறியிலிருந்து வெளியே வந்ததைக் காதைத் தவிர வேறெதனாலும் அறிய முடியாது.

இலக்கங்களைத் தனித்தனியாகப் படிக்க வைத்துவிட்டால் பாதி வேலை முடியும். மடிக்கணினி விசை அமைப்பில் எண்ணின் மேல் நின்று `NVDA+Control+.` விசைகளை இருமுறை விரைவாக அழுத்தினால், என்விடிஏ அதை எழுத்துக்கூட்டிச் சொல்லும். ஆனால் பதின்மூன்று இலக்கங்களையும் ஒரே ஓட்டமாகச் சொல்லும். அப்போது 'பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம்' என்று வருகையில் அவை மூன்றா, நான்கா, ஐந்தா என்று காது எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. எண்ண முனைந்தால் அதற்கு முன் வந்த 5, 9 நினைவிலிருந்து நழுவிவிடும்.

இங்கேதான் தொகுத்துச் சொல்வது உதவுகிறது. அதே எண்ணை 1 1 5, பிறகு 5 9 0, பிறகு 0 0 0, கடைசியில் 4 1 2 7 என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னால், நான்கு பூஜ்ஜியங்களில் ஒன்று இரண்டாம் தொகுதியின் வாலாகவும், மற்ற மூன்றும் ஒரு முழுத் தொகுதியாகவும் பிரிந்து நிற்கின்றன. ஒரு தொகுதியில் மூன்று இலக்கம் என்று முன்பே தெரிந்திருப்பதால் நான் எதையும் எண்ண வேண்டியதில்லை. நிறுத்தம் வந்துவிட்டதா என்பதை மட்டும் கேட்டால் போதும். மூன்று கேட்பதற்குள் நிறுத்தம் வந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது என்பதும் அந்த நொடியிலேயே தெரிந்துவிடும்.

தொகுதியின் அளவை நம் விருப்பப்படி மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆதார் எண் அட்டையில் நான்கு நான்காக அச்சாகியிருக்கிறது. அதை அப்படியேதான் சொல்ல வேண்டும். கைபேசி எண்ணை எங்கள் பக்கம் ஐந்து ஐந்தாகச் சொல்வார்கள். எதிர் வீட்டு அக்காவிடம் அவருடைய எண்ணையே மூன்று, மூன்று, நான்கு என்று பிரித்துச் சொல்லிச் சரிபார்க்கச் சொன்னால், "இது என்ற நம்பர் இல்லீங்க" என்று சாதிப்பார். காது எண்ணை அதன் தாளத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது. அச்சில் பிரிவு எதுவும் இல்லாத 13 இலக்க எண்ணுக்கு மட்டும் மூன்று, மூன்று, மூன்று, நான்கு என்பதை நானாக வகுத்துக்கொண்டேன். நான்கு, நான்கு, ஐந்து என்றும் பிரிக்கலாம். ஐந்து இலக்கத் தொகுதி கடைசியில் வருவது எனக்குச் சற்றுச் சுமையாக இருந்ததே நான் அதை விட்டதற்குக் காரணம்.

அடுத்தது, நிறுத்தத்தை எதைக் கொண்டு உண்டாக்குவது என்ற கேள்வி. வெறும் இடைவெளி விட்டு 115 590 000 4127 என்று எழுதினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கண்ணுக்குப் போதும், காதுக்குப் போதாது. பொறி ஒவ்வொரு துண்டையும் ஓர் எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டு 'நூற்றுப் பதினைந்து, ஐந்நூற்றுத் தொண்ணூறு' என்று படிக்கும். 000 என்ற துண்டை ஒரு பூஜ்ஜியமாகச் சொல்லுமா, மூன்றாகச் சொல்லுமா என்பது பொறிக்குப் பொறி மாறும். சிறு கோடு இட்டால் சில இடங்களில் 'மைனஸ்' என்று ஒலிக்கும், சில இடங்களில் ஒலியே இல்லாமல் மறையும். புள்ளி இட்டால் தசமமாகவோ தேதியாகவோ மாறும் ஆபத்து உண்டு. இடைவெளி இல்லாத காற்புள்ளி, ஆயிரத்தைப் பிரிக்கும் குறியாகவே கொள்ளப்படும். எனவே ஒவ்வொரு இலக்கத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி, ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும் ஒரு காற்புள்ளியும் அதன் பின் ஓர் இடைவெளியும் என்ற வடிவமே நான் கேட்டவரையில் பெரும்பாலான குரல்களில் ஒழுங்காக ஒலிக்கிறது. என்விடிஏவில் நிறுத்தக்குறிகளின் அளவை 'எல்லாம்' என்று வைத்திருப்பவருக்கு மட்டும் 'காற்புள்ளி' என்ற சொல்லும் சேர்ந்து ஒலிக்கும்; அது சற்று எரிச்சல் தரும், ஆனால் பிழையாகாது.

அடுத்தவர் உருவாக்கிய பக்கத்தை நம்மால் திருத்த முடியாது. நம் கணினியின் பேச்சைத் திருத்தலாம். என்விடிஏ பட்டியலை `NVDA+N` அழுத்தித் திறந்து, `Preferences`, அதனுள் `Speech dictionaries`, அதனுள் `Default` என்று சென்றால் பேச்சு அகராதி கிடைக்கும். அதில் புதிய பதிவொன்றைச் சேர்த்து, வகையை `Regular expression` என்று தேர்ந்தெடுத்து, முதல் பெட்டியில் கீழே உள்ள முதல் வரியையும் மாற்றுப் பெட்டியில் இரண்டாவது வரியையும் இட வேண்டும்.

```
\b(\d)(\d)(\d)(\d)(\d)(\d)(\d)(\d)(\d)(\d)(\d)(\d)(\d)\b
\1 \2 \3, \4 \5 \6, \7 \8 \9, \10 \11 \12 \13
```

இரு புறமும் உள்ள `\b`, சரியாக 13 இலக்கம் கொண்ட எண்ணை மட்டும் பிடிப்பதற்காக. எழுத்தோடு ஒட்டியிருக்கும் குறியீடுகளை இது தொடாது. தொகையாக எழுதப்படும் எண்கள் இவ்வளவு நீளம் போவதில்லை என்பதால், ரூபாயை இலக்கம் இலக்கமாகப் படித்துக் குழப்பும் ஆபத்தும் இல்லை. 12 இலக்கத்துக்கும் 10 இலக்கத்துக்கும் இதே போலத் தனித்தனிப் பதிவுகள் வைத்திருக்கிறேன். 12 இலக்கத்தை நான்கு நான்காகவும், 10 இலக்கத்தை ஐந்து ஐந்தாகவும் அவை பிரிக்கின்றன.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது, இது எண்ணைத் தொடுவதே இல்லை என்பதுதான். மாறுவது பேச்சு மட்டுமே. பிரெயில் திரையில் எண் பழையபடியே இருக்கும். நகலெடுத்தால் 13 இலக்கமும் ஒட்டியபடியே வரும். நகலெடுத்த பின் `NVDA+C` அழுத்தினால் என்ன நகலாகியிருக்கிறது என்பதை அதே தொகுதிகளாகக் கேட்டும் உறுதிசெய்துகொள்ளலாம். ஜாஸ் என்ற இன்னொரு திரை வாசிப்பானைப் பயன்படுத்துவோருக்கு இவ்வளவு சுற்று வேண்டாம். இத்தனை இலக்கத்துக்கு மேல் இருந்தால் தனித்தனியாகப் படி என்று சொல்லும் தெரிவு அதன் அமைப்புகளிலேயே இருக்கிறது. ஆனால் தொகுதி நிறுத்தம் அதில் கிடைக்காது. டாக்பேக்கில் வாசிப்புக் கட்டுப்பாட்டை எழுத்து அளவுக்கு மாற்றி ஒவ்வொன்றாக நகர்வதே வழி. அங்கே விரல்தான் நிறுத்தத்தை உண்டாக்குகிறது: மூன்று தள்ளல், ஒரு மூச்சு, மீண்டும் மூன்று.

பக்கத்தை உருவாக்குபவரின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்கும் வாய்ப்பும் எனக்கு வந்தது. என் தங்கையின் மகன் சித்தூரில் ஓர் இணையச் சேவைக் கடைக்குக் கட்டண ரசீதுப் பக்கம் எழுதிக்கொடுத்தான். "மாமா, உங்க காதுக்குச் சரியா இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க" என்று இணைப்பை அனுப்பினான். எண் வழக்கம் போலக் கோடிகளாக ஒலித்தது. அவன் முதலில் அதைச் சூழ்ந்திருந்த `span` கூறில் `aria-label` சேர்த்தான். அது என் கணினியில் ஒரு விதமாகவும் கைபேசியில் வேறு விதமாகவும் நடந்துகொண்டது. அதில் வியப்பில்லை; தனக்கென எந்தப் பாத்திரமும் இல்லாத `span` போன்ற கூறுக்கு அப்படிப் பெயர் சூட்டுவதை இணைய அணுகலுக்கான ஏரியா 1.2 விதிகளே தடுக்கின்றன. சிஎஸ்எஸ் மொழியில் `speak-as: digits` என்றொரு பண்பு எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. உலாவிகள் அதைப் பரவலாக ஏற்காததால் அதை நம்பி இறங்க முடியாது. கடைசியில் அவன் எழுதியது இது:

```html
<p>நுகர்வோர் எண்:
  <span aria-hidden="true">1155900004127</span>
  <span class="kural">1 1 5, 5 9 0, 0 0 0, 4 1 2 7</span>
</p>
```

```css
.kural {
  position: absolute; width: 1px; height: 1px;
  overflow: hidden; clip-path: inset(50%);
  white-space: nowrap;
}
```

கண்ணுக்கு முதல் வரி, காதுக்கு இரண்டாவது வரி. மறைப்பதற்கு `display: none` எழுதினால் காதுக்கும் சேர்ந்தே மறைந்துவிடும் என்பதால் இந்தச் சுற்றுவழி. ரசீதில் இது நன்றாக ஒலித்தது. ஆனாலும் இதில் மூன்று குறைகளைக் கண்டு அவனிடம் சொன்னேன்.

முதலாவது, நான் நகலெடுத்தால் காற்புள்ளியும் இடைவெளியும் சேர்ந்த வடிவமே வருகிறது. பக்கத்தில் 13 இலக்கத்தை ஒட்டித் தேடினாலும் கிடைப்பதில்லை. இதற்கு அவன் எண்ணுக்குப் பக்கத்தில் 'எண்ணை நகலெடு' என்றொரு பொத்தான் வைத்தான். அது குறிகளற்ற 13 இலக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கிறது. இந்தப் பொத்தான் இல்லாமல் இந்த முறையை யாரும் கையாளக் கூடாது என்றே சொல்வேன்.

இரண்டாவது பிரெயில். 13 இலக்கம், 12 இடைவெளி, 3 காற்புள்ளி என்று மொத்தம் 28 குறிகள். வருவது இலக்கம் என்று அறிவிக்கும் எண் குறியின் ஆட்சி, இடைவெளி வந்தவுடன் முடிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு இலக்கத்துக்கும் முன்னால் எண் குறி மீண்டும் வர வேண்டும். ஆகவே வழக்கமான பிரெயிலில் 41 கட்டங்கள் தேவைப்படும். 40 கட்டத் திரையில் கடைசி இலக்கம் அடுத்த வரிக்குப் போய்விடும். காதுக்காகச் செய்த உதவி விரலுக்கு இடைஞ்சலாவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பிரெயில் படிப்பவரும் மேற்சொன்ன பொத்தானால் எண்ணை எடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் படிக்கலாம் என்பதற்கு மேல் இதற்கு எங்களிடம் நல்ல தீர்வு இல்லை.

மூன்றாவது, தொடுதிரையில் எண் அச்சாகியிருக்கும் இடத்தில் விரலை வைத்தால் ஒன்றும் ஒலிக்காது. ஏனென்றால் அங்கே தெரிவது திரை வாசிப்பானுக்கு மறைக்கப்பட்ட வரி. விரலைத் தள்ளித் தள்ளி நகர்பவருக்கு எண் கிடைக்கும், திரையைத் தடவித் தேடுபவருக்குக் கிடைக்காது.

ரசீதைச் சரிசெய்தவன் எண்ணை உள்ளிடும் பெட்டியை மறந்துவிடுவான் என்று நினைத்தேன்; அதை அவனே எழுப்பினான். பெட்டியில் `maxlength="13"` என்று இருந்தது. ரசீதிலிருந்து குறிகளோடு நகலெடுத்த எண்ணை அதில் ஒட்டினால் முதல் 13 குறிகள் மட்டுமே நுழையும். அவற்றில் இலக்கங்கள் 1, 1, 5, 5, 9, 0 என்ற ஆறே ஆறு. 115 590 000 4127 என்று இடைவெளியோடு மட்டும் ஒட்டினால் பத்து இலக்கம் நுழைந்து கடைசி மூன்று விழுந்துவிடும். இது இன்னும் மோசம். ஏனெனில் தொடக்கத்தைக் கேட்டுச் சரி என்று நினைத்து நகர்ந்துவிடுவோம். அதனால் நீளக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, வந்ததிலிருந்து இலக்கமல்லாதவற்றை நீக்கிவிட்டு அதன் பிறகு எண்ணிப் பார்க்கும்படி மாற்றினான்.

```js
const en = petti.value.replace(/\D/g, "");
if (en.length !== 13) pizhaiKaattu();
```

பெட்டியின் வகையை `number` என்று வைக்காமல் `type="text" inputmode="numeric"` என்று வைத்தால், கைபேசியில் எண் விசைப்பலகையும் வரும், முன்னால் உள்ள பூஜ்ஜியமும் தப்பிக்கும், அம்பு விசையைத் தொட்டவுடன் மதிப்பு ஏறி இறங்கும் தொல்லையும் இருக்காது. பிழைச் செய்தியில் 'தவறான எண்' என்று மட்டும் சொல்லாமல் 'பத்து இலக்கம் உள்ளது, பதின்மூன்று வேண்டும்' என்று சொல்ல வைத்தோம். எந்தத் தொகுதியில் இருந்து விடுபட்டது என்று அதைக் கேட்டவுடன் ஊகிக்க முடிகிறது.

குறுஞ்செய்திக்கு இந்த வசதிகள் எதுவும் கிடையாது. அங்கே மறைக்கவும் முடியாது, பொத்தான் வைக்கவும் முடியாது. தமிழில் எழுதும் ஒரு குறுஞ்செய்தியில் 70 குறிகள்தான் கொள்ளும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு துண்டிலும் 67. விரித்த வடிவம் மட்டுமே 28 குறிகளைத் தின்றுவிடும். எனவே கட்டணம் செலுத்தியதை அறிவிக்கும் செய்தியில் முழு எண்ணையும் சொல்லாமல், கடைசித் தொகுதியான 4 1 2 7 என்பதை மட்டும் விரித்து எழுதச் சொன்னேன். எந்த வீட்டுக் கட்டணம் என்று அடையாளம் காண அது போதும். முழு எண் தேவைப்படுபவர் ரசீதைத் திறந்துகொள்ளட்டும்.

இதைச் சோதிப்பதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட முறை எளியது. ஒருவர் திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டு எழுத வேண்டும். மற்றவர் பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். சோதனைக்குத் தேர்ந்த எண்களில் ஒன்று பூஜ்ஜியத்தில் தொடங்குவதாகவும், ஒன்றில் ஒரே இலக்கம் நான்கைந்து முறை தொடர்வதாகவும், ஒன்றில் 2019 போல ஆண்டாகத் தோன்றும் துண்டு இருப்பதாகவும் பார்த்துக்கொண்டோம். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் தமிழ்க் குரல், விண்டோசின் வள்ளுவர் குரல், ஓர் ஆங்கிலக் குரல், கைபேசியின் குரல் என்று ஒவ்வொன்றிலும் கேட்டோம். பழகியவர்கள் வேகத்தை ஏற்றியே கேட்பார்கள். வேகம் ஏற ஏறக் காற்புள்ளியின் நிறுத்தமும் சுருங்கும். ஆகவே மெதுவான வேகத்தில் தேறியதை, தினமும் பயன்படுத்தும் வேகத்திலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு குரலில் மூன்றாம் தொகுதிக்கும் நான்காம் தொகுதிக்கும் நடுவே நிறுத்தம் தேய்ந்து, 0 0 0 4 என்று ஒரே மூச்சில் ஒலிப்பதை அந்த வேகத்தில்தான் கண்டுபிடித்தோம்.

இவ்வளவுக்குப் பிறகும் தொலைபேசியில் எண் சொல்லும் மனிதர்களிடம் அகராதிப் பதிவு செல்லுபடியாவதில்லை. "ரெண்டு ஜீரோ" என்று ஒருவர் சொன்னால் அது 20ஆ, 00ஆ என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் யார் அழைத்தாலும், "மூணு மூணா நிறுத்திச் சொல்லுங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்க, கடைசியில மட்டும் நாலு வரும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவர்கள் சொன்னதைத் தட்டச்சு செய்து முடித்ததும், என்விடிஏ அதை அதே தொகுதிகளாக உரக்கப் படிக்கும்படி ஒலிபெருக்கியைத் திறந்துவிடுகிறேன்; மறுமுனையில் இருப்பவர் கையிலுள்ள சீட்டைப் பார்த்தபடி தொகுதிக்கு ஒரு 'ஆமாங்க' சொல்லிக்கொண்டே வருகிறார்.